குழந்தைக்குச் சட்டப்படி கார்டியன் யார்? பெற்றோர் பிரிந்தால் என்ன மாறும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் இந்துக் குடும்பங்களுக்கு உள்ள சட்டத்தை வைத்துத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். முஸ்லிம், கிறிஸ்தவர்களுக்கு எங்கே மாறுகிறது என்பது பின்னால் வருகிறது. உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல்தான், ஆனால் அவரிடம் போவதற்கு முன்னால் இது தெரிந்திருந்தால் பேச்சு சுலபமாகும்.

அப்பா, அம்மா ரெண்டு பேரும் இருக்கோம். எங்க பையனுக்கு சட்டப்படி கார்டியன் யாரு?

அப்பா. 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம், 6-வது பிரிவு, பையனுக்கும் கல்யாணமாகாத பெண்ணுக்கும் இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பிறகு’ தாய் என்று எழுதி வைத்திருக்கிறது. இயற்கைக் காப்பாளர் என்றால் யாரும் நியமிக்கத் தேவையில்லை, குழந்தை பிறந்த நிமிடத்திலிருந்து 18 வயது முடியும்வரை அந்தப் பொறுப்பு தானாகவே இருக்கிறது, அவ்வளவுதான். பௌத்தர், சமணர், சீக்கியர்களுக்கும் இதே சட்டம்தான்.

அதே பிரிவில், கல்யாணமான மைனர் பெண்ணுக்கு இயற்கைக் காப்பாளர் அவள் கணவன் என்று ஒரு வரியும் இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் குழந்தைத் திருமணத்துக்குத் தடை, இன்னொரு பக்கம் இந்த வரி. 1956-இல் எழுதிய சட்டம் எந்த வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று இதைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

அப்போ அப்பா உயிரோட இருக்கிறவரைக்கும் அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லையா?

பல வருடம் அப்படித்தான் படித்தார்கள். வங்கி, எல்.ஐ.சி., பள்ளிக்கூடம் எங்கே போனாலும் ‘அப்பா கையெழுத்து எங்கே?’ என்று கேட்டதற்குக் காரணமே அந்த வாசிப்புதான். அதை மாற்றியது 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984 டிசம்பரில் தன் மகன் பெயரில் 20,000 ரூபாய்க்கு ரிசர்வ் வங்கியின் 9 சதவீத நிவாரணப் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தார். கார்டியன் என்ற இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். கணவருக்கும் அதில் சம்மதம், வீட்டில் எந்தச் சண்டையும் கிடையாது. ஆனால் ரிசர்வ் வங்கி, அப்பா கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் நீங்கள்தான் கார்டியன் என்று உரிய அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டது. அவர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். கணவருடன் விவாகரத்து வழக்கும் பிள்ளை யாரிடம் என்ற தகராறும் நடந்துகொண்டிருந்த வந்தனா சிவாவின் மனுவும் கூடவே விசாரிக்கப்பட்டது.

நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்யவில்லை. ‘அவருக்குப் பிறகு’ என்பதற்கு ‘அவர் செத்த பிறகு’ என்று பொருள் கொண்டால் ஆண், பெண் சமத்துவத்துக்கு விரோதமாகிவிடும், ஆகவே ‘அவர் இல்லாத நிலையில்’ என்றுதான் படிக்க வேண்டும் என்றது. இல்லாத நிலை என்றால் என்ன என்பதையும் சொன்னது. அப்பா குழந்தையைக் கண்டுகொள்ளாமல் இருப்பது, இரண்டு பேரும் பேசி அம்மா பொறுப்பு என்று முடிவு செய்திருப்பது, அப்பா வேறு ஊரில் இருப்பதால் கவனிக்க முடியாமல் இருப்பது, உடலாலோ மனதாலோ இயலாமல் இருப்பது. இதில் எது இருந்தாலும் அப்பா உயிரோடு இருக்கும்போதே அம்மா இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம்.

இதைச் சிலர் ‘1999-லேர்ந்து ரெண்டு பேரும் சமம்’ என்று சொல்கிறார்கள். அது சரியில்லை. அப்பா முதலில் என்ற வரிசை அப்படியே இருக்கிறது, அவர் அருகில் இருந்து அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார் என்றால் முதலிடம் இன்றும் அவருக்குத்தான். அம்மா அப்பா இருவரையும் சமமான காப்பாளர்களாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-வது அறிக்கையில் பரிந்துரை செய்தது, அந்தப் பிரிவு மாறவில்லை.

நானும் கணவரும் பிரிஞ்சு ஒரு வருஷமாச்சு. கேஸ் எதுவும் போடல. பொண்ணு என்கிட்டதான் இருக்கா. இப்ப கார்டியன் யாரு?

பிரிந்ததால் மட்டும் எதுவும் மாறவில்லை. விவாகரத்தே ஆனாலும் மாறாது. கல்யாணம் முறிவதால் அப்பா அப்பாவாக இல்லாமல் போவதில்லை, அம்மாவும் அப்படியே. ஆகையால் கேள்வி ‘பிரிந்தோமா?’ என்பதில்லை, பிரிந்த பிறகு அவர் குழந்தை விஷயத்தில் என்ன செய்கிறார் என்பதுதான்.

மாதாமாதம் பணம் அனுப்புகிறார், ஃபீஸ் கட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறார் என்றால் அவர் ‘இல்லாத நிலையில்’ இருக்கிறார் என்று நீங்கள் சொல்ல முடியாது. ஒரு வருடமாக ஒரு போன்கூட இல்லை, பிள்ளைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொல்லி அனுப்பியும் வரவில்லை என்றால் கதை வேறு. 1970-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு நிலக் குத்தகை வழக்கில், இருபது வருடமாகப் பிரிந்து வாழ்ந்து மகளின் எந்த விஷயத்திலும் தலையிடாத தந்தை உயிரோடு இருந்தும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட தாய்தான் இயற்கைக் காப்பாளர் என்று ஏற்றுக்கொண்டது.

அதனால் இப்போதே செய்ய வேண்டிய ஒன்று, காகிதம் சேர்ப்பது. ஃபீஸ் ரசீது யார் கணக்கிலிருந்து போனது, தடுப்பூசி அட்டையில் யார் கூட்டிப்போனது, பள்ளி டைரியில் யார் கையெழுத்து, நீங்கள் அனுப்பி அவர் பதில் போடாத வாட்ஸ்அப் செய்திகள். நாளைக்கு கோர்ட்டில் ‘கண்டுகொள்ளவே இல்லை’ என்று வாயால் சொல்வதைவிட இந்தக் கட்டு பேசும்.

கார்டியன், கஸ்டடி ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை, நான் பார்த்தவரை பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கஸ்டடி என்பது குழந்தை யாரோடு வசிக்கிறது, யார் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்புகிறார் என்பது. கார்டியன் என்பது குழந்தைக்காகச் சட்டத்தின் முன் முடிவெடுக்கும், கையெழுத்துப் போடும் அதிகாரம், அதில் சொத்தும் சேரும். ஒருவரிடம் கஸ்டடி இருந்து இன்னொருவர் காப்பாளராக நீடிப்பது சர்வசாதாரணம். கஸ்டடி அம்மாவுக்கு என்று குடும்ப நீதிமன்றம் உத்தரவு போட்ட பின்னும் அப்பா இயற்கைக் காப்பாளர்தான், அந்த உத்தரவிலேயே அம்மாவைக் காப்பாளர் என்று அறிவிக்காதவரை. ‘கஸ்டடி வாங்கிட்டேன், இனி அவருக்குச் சம்பந்தமே இல்ல’ என்று நினைத்துக்கொண்டு பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போகிறவர்கள் அங்கே தடுமாறுகிறார்கள். மனுப் போடும்போதே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

அஞ்சு வயசு வரைக்கும் அம்மாகிட்ட, அப்புறம் அப்பா கூட்டிட்டுப் போயிடலாம்னு சொல்றாங்களே?

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. ஐந்து வயது முடியாத குழந்தையின் கஸ்டடி ‘சாதாரணமாக’ அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று அதே 6-வது பிரிவு சொல்கிறது. அம்மா பொருத்தமில்லாதவர் என்று அப்பாதான் நிரூபிக்க வேண்டும், தான் பொருத்தமானவள் என்று அம்மா நிரூபித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஐந்து முடிந்தால் இந்தச் சலுகை போகும், ஆனால் கஸ்டடி தானாக அப்பாவுக்கு மாறாது. அதற்கு மேல் 13-வது பிரிவு: குழந்தையின் நலனே முதன்மை. ஐந்தாவது பிறந்தநாளுக்கு மறுநாள் காரோடு வந்து நின்று ‘சட்டப்படி என் பிள்ளை’ என்று கேட்பவருக்குச் சட்டத்தில் இடமில்லை. நடந்துகொண்டிருக்கும் ஏற்பாடு குழந்தைக்கு ஒத்துப்போகிறது என்றால் அதைக் கலைக்க நீதிமன்றங்கள் தயங்கும்.

கோர்ட் எதை வெச்சு முடிவு பண்ணும்? யாருக்குச் சம்பளம் அதிகம்னு பாக்குமா?

சம்பளம் ஒரு விஷயம், அது மட்டும் போதாது. பணம் வேண்டுமென்றால் இன்னொருவரிடம் ஜீவனாம்சமாக வாங்கிக் கொடுத்துவிடலாம், அதற்காகக் குழந்தையை மாற்ற வேண்டியதில்லையே. 1890-இல் வந்த காப்பாளர் சட்டத்தின் 17-வது பிரிவு குழந்தையின் வயது, பாலினம், மதம், கேட்பவரின் நடத்தை, திறமை, உறவு நெருக்கம், இதுவரை எப்படிப் பழகியிருக்கிறார் என்பதையெல்லாம் பார்க்கச் சொல்கிறது. விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

பெரும்பாலும் நீதிபதி தன் அறையில், பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசுவார். நேரடியாக ‘யார்கிட்ட இருக்கே?’ என்று கேட்பது குறைவு. காலையில் யார் எழுப்புவார்கள், ஹோம்வொர்க் யாரோடு, காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் படுப்பார்கள் என்று போகும். சொல்லிக்கொடுத்த பதில் உடனே தெரிந்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளை ‘அப்பா எங்களை மனரீதியாகத் துன்புறுத்தினார்’ என்று வக்கீல் பாஷையில் சொன்னால், சொல்லிக்கொடுத்தவருக்குத்தான் கெட்ட பெயர்.

எந்த ஊர் கோர்ட்ல போடணும்? எப்படிப் போகும்?

கார்டியன் மனு குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில். 1890 சட்டம், 9-வது பிரிவு. குடும்ப நீதிமன்றம் உள்ள மாவட்டத்தில் அங்கே. மனுவுக்கு ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று எண் போடுவார்கள். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடக்கிறது என்றால் தனியாகப் போக வேண்டியதில்லை, இந்துத் திருமணச் சட்டம் 26-வது பிரிவில் அந்த வழக்கிலேயே கேட்கலாம்.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். கோவையில் வேலை பார்க்கும் தம்பதி, நாலு வயதுப் பையன். சண்டை முற்றி அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலியில் உள்ள தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று வாரத்தில் அப்பா கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் கஸ்டடி கேட்டு மனுப் போடுகிறார். அம்மாவின் வக்கீல் எடுக்கும் முதல் ஆட்சேபம், ‘பையன் திருநெல்வேலியில் இருக்கிறான், கோவைக்கு அதிகாரமில்லை’ என்பதாக இருக்கும். மூன்று வாரம் இருந்ததை ‘வழக்கமாக வசிப்பது’ என்று ஏற்க வைப்பது கஷ்டம், பையன் பிறந்ததிலிருந்து கோவைதான். இதே மனு ஒரு வருடம் கழித்து, பையன் திருநெல்வேலியில் யு.கே.ஜி. போய்க்கொண்டிருக்கும்போது வந்திருந்தால் ஆட்சேபம் நிற்கும். இது ஒவ்வொரு வழக்கிலும் சாட்சியத்தை வைத்து முடிவாகும் விஷயம். அதிகாரம் கோவைக்குத்தான் என்று வந்தாலும், சின்னப் பையனை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் அலைய முடியவில்லை என்று வழக்கை மாற்றித் தரும்படி உயர் நீதிமன்றத்தில் கேட்க அம்மாவுக்கு வழி உண்டு.

அடுத்தது, இறுதித் தீர்ப்புக்கு வருடக்கணக்கில் ஆகலாம், ஆகவே உண்மையான போட்டி இடைக்கால மனுவில்தான். அப்பா இடைக்காலக் கஸ்டடி கேட்பார், பையனுக்கு ஐந்து ஆகவில்லை என்பதால் கிடைப்பது அரிது. ஆனால் பார்க்கும் உரிமை நிச்சயம் கிடைக்கும்: ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை நீதிமன்ற வளாகத்தில் சில மணி நேரம், நடுவில் வீடியோ கால், ஒழுங்காக நடந்தால் அப்புறம் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஞாயிறு மாலை திரும்பக் கொண்டுவந்து விடுவது என்று படிப்படியாக விரியும். அம்மா இரண்டு சனிக்கிழமை ‘பையனுக்குச் சளி’ என்று கொண்டுவரவில்லை என்று வையுங்கள், மூன்றாவது முறை நீதிபதியின் குரல் மாறும். அப்பா மூன்று சனிக்கிழமை வரவே இல்லையென்றால் அதுவும் குறிப்பில் ஏறும். கடைசித் தீர்ப்பில் இந்த வருகைப் பதிவு, இரு தரப்பும் பக்கம் பக்கமாக எழுதிய குற்றச்சாட்டுகளைவிட அதிகம் எடுபடும்.

இப்படி வரும் எந்தக் கஸ்டடி உத்தரவும் கல்வெட்டு அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது: குழந்தைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல, நிலைமை மாறினால் உத்தரவையும் மாற்றலாம். மூன்று வயதில் போட்ட ஏற்பாடு பன்னிரண்டு வயதில் பொருந்தவில்லை என்றால் மறுபடி மனுப் போடலாம்.

அவர் சொல்லாம கொள்ளாம ஸ்கூல்லேர்ந்தே பிள்ளைய கூட்டிட்டுப் போயிட்டார். போலீஸ்ல கடத்தல் கேஸ் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் எஃப்.ஐ.ஆர். எதிர்பார்க்காதீர்கள். அப்பா இயற்கைக் காப்பாளர் என்பதால், அவருக்கு எதிராக நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாத நிலையில், அவர் தன் பிள்ளையைக் கூட்டிப்போனதைக் கடத்தல் என்று பொதுவாக ஏற்க மாட்டார்கள். ஸ்டேஷனில் ‘இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்பார்கள். இருந்தாலும் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள், என்றைக்கு நடந்தது என்பதற்கு அது ஆதாரம்.

கஸ்டடி உத்தரவு கையில் இருந்து அதை மீறிக் கூட்டிப்போனார் என்றால் நிலைமை தலைகீழ். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். உத்தரவு இல்லாவிட்டாலும், பால்குடிக்கும் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துப் போனது போன்ற விஷயங்களில் ஆட்கொணர்வு மனுவை நீதிமன்றங்கள் ஏற்பதுண்டு. விரிவான சாட்சி விசாரணை தேவைப்படும் தகராறு என்றால் குடும்ப நீதிமன்றத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

பாஸ்போர்ட்டுக்கு அவர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார்.

மைனர் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு பேரும் சம்மதித்தால் Annexure D. ஒருவர் சம்மதம் கிடைக்கவில்லை என்றால் Annexure C. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்திய பிறகு இவை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும், நோட்டரி வேண்டாம். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயரை மட்டும் குறிப்பிட்டு விண்ணப்பிக்கவும் இடம் கொடுத்தார்கள்.

மாட்டிக்கொள்வது எங்கே என்றால், கஸ்டடி வழக்கு நடப்பதை மறைத்துவிட்டு ‘வழக்கு எதுவும் இல்லை’ என்று எழுதுவது. எதிர்த்தரப்பு ஒரு கடிதம் போட்டால் போதும், தகவல் மறைத்து வாங்கியது என்று பாஸ்போர்ட்டையே முடக்கலாம், அதோடு குடும்ப நீதிமன்றத்தில் ‘பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்’ என்ற வாதத்துக்கு நீங்களே ஆயுதம் கொடுத்ததாகிவிடும். வழக்கு நடக்கிறதா, அதே நீதிமன்றத்தில் ஒரு இடைக்கால மனுப் போட்டு அனுமதி உத்தரவு வாங்கி அதை விண்ணப்பத்தோடு வையுங்கள். கொஞ்சம் தாமதமாகும், ஆனால் கேள்வி வராது.

வங்கியில் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. அம்மாவைக் கார்டியனாகக் காட்டி மைனர் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கியே தன் 2025 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. கிளையில் யாராவது ‘அப்பா வரணும்’ என்றால் அதைக் காட்டுங்கள்.

என் அப்பா பேத்தி பேர்ல எழுதிவெச்ச மனை இருக்கு. அவ படிப்புக்கு விக்கணும். நான் கையெழுத்துப் போட்டா செல்லுமா?

நீங்கள் தனியாகப் போட்டாலும், கணவர் போட்டாலும், இரண்டு பேரும் சேர்ந்து போட்டாலும் பதில் ஒன்றுதான்: முதலில் நீதிமன்ற அனுமதி. இயற்கைக் காப்பாளர் மைனரின் அசையாச் சொத்தை விற்க, அடமானம் வைக்க, தானம் கொடுக்க, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட முன் அனுமதி வேண்டும் என்கிறது 1956 சட்டத்தின் 8-வது பிரிவு. சொத்து இருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்தில் மனு. அவசியம் இருக்கிறது அல்லது குழந்தைக்குத் தெளிவான லாபம் இருக்கிறது என்று காட்டினால்தான் கிடைக்கும். ‘படிப்புக்கு’ என்று பொதுவாக எழுதாமல் கல்லூரிக் கட்டண விவரம், மனையின் வழிகாட்டி மதிப்பு, வாங்குபவர் தரும் விலை எல்லாம் இணைக்க வேண்டும். அனுமதி கொடுக்கும்போது, செலவு போக மிச்சப் பணத்தை 18 வயதுவரை குழந்தை பெயரில் வங்கி வைப்பாகப் போடச் சொல்வது வழக்கம்.

அனுமதி இல்லாமல் விற்றால் பத்திரம் அன்றைக்கே செல்லாமல் போய்விடாது. குழந்தை 18 முடித்த பிறகு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யலாம். அதாவது 21 வயதுவரை வாங்கியவர் தலைமேல் கத்தி. அதனால்தான் விவரமான வாங்குபவரும், கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீலும் உத்தரவு இல்லாமல் அந்த மனையைத் தொட மாட்டார்கள். பிரிந்து வாழும் கணவர் உங்களுக்குத் தெரியாமல் விற்கப் பார்த்தாலும் இதே பிரிவுதான் உங்கள் பிடி.

பங்கு பிரிக்காத கூட்டுக்குடும்பச் சொத்தில் குழந்தைக்குள்ள பங்கு மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது தனிக் கதை.

கல்யாணம் ஆகாம பிறந்த குழந்தைன்னா?

வரிசை மாறும். அம்மா முதலில், அவருக்குப் பிறகு அப்பா. கார்டியனாக அறிவிக்கக் கேட்டு மனுப் போடும்போது அப்பா பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமா என்ற கேள்வி, திருமணமாகாத ஒரு கிறிஸ்தவத் தாயின் வழக்கில் 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. குழந்தை விஷயத்தில் தலையே காட்டாத அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்லை, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது என்று தீர்ப்பு வந்தது. பிறப்புச் சான்றிதழையும் அம்மாவின் பிரமாணப் பத்திரத்தை வைத்துக் கொடுக்க வேண்டும் என்றது.

நான் மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டா? புது கணவர் கார்டியன் ஆவாரா? பிள்ளையோட இனிஷியல மாத்தலாமா?

மறுமணம் செய்ததால் மட்டும் கஸ்டடி பறிபோகாது, புது வீட்டில் குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். மாற்றாந்தந்தை தானாகக் காப்பாளர் ஆக மாட்டார், அப்பா, அம்மா என்ற சொல்லில் மாற்றாந்தாயும் மாற்றாந்தந்தையும் சேர மாட்டார்கள் என்று சட்டமே சொல்கிறது. முறைப்படி தத்தெடுத்தால் ஆவார், அதற்குப் பெற்ற அப்பாவின் சம்மதம் வேண்டியிருக்கும்.

பெயர் விஷயத்தில் 2022-இல் வந்த அகெல்லா லலிதா வழக்கைப் பலரும் தப்பாக மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் முதல் கணவர் இறந்துவிட்டார், அம்மா மறுமணம் செய்து பிள்ளைக்குப் புதுக் குடும்பப் பெயர் வைத்தார், இறந்தவரின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். உயிரோடு இருக்கும் ஒரே இயற்கைக் காப்பாளர் அம்மா, அவர் முடிவு செய்யலாம் என்றது உச்ச நீதிமன்றம். உங்கள் முன்னாள் கணவர் உயிரோடு இருந்து ஞாயிறுதோறும் வந்து பார்க்கிறார் என்றால் அந்தத் தீர்ப்பு அப்படியே உங்களுக்குப் பொருந்தாது.

நாங்க முஸ்லிம். எங்களுக்கும் இதேதானா?

அடிப்படையே வேறு. முஸ்லிம் தனிச்சட்டத்தில் இயற்கைக் காப்பாளர் அப்பாதான், அம்மா அந்த இடத்துக்கு வருவதில்லை. ஆனால் கஸ்டடியில் அம்மாவுக்கு ‘ஹிஸானத்’ என்ற தனி உரிமை இருக்கிறது. ஹனஃபி முறைப்படி பையனுக்கு ஏழு வயதுவரை, பெண்ணுக்குப் பூப்பெய்தும்வரை. சொத்தில் வித்தியாசம் இன்னும் கடுமை: நீதிமன்றம் நியமிக்காமல் அம்மா மைனரின் நிலத்தை விற்றால் அந்த விற்பனை தொடக்கத்திலிருந்தே செல்லாது, 1918-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. ஆனால் தகராறு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால் 1890 சட்டத்தின்படி குழந்தையின் நலன் மேலே வந்துவிடும், ஏழு வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் பையனைப் பிடுங்கிக் கொடுக்க மாட்டார்கள்.

கிறிஸ்தவர்களுக்கு இயற்கைக் காப்பாளர் யார் என்று சொல்லும் தனிச் சட்டம் இல்லை. விவாகரத்து வழக்கில் 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம், மற்றபடி 1890 சட்டம். அந்த 1890 சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தம், அதுவரை அப்பாவுக்கு மட்டும் இருந்த ஒரு பாதுகாப்பை அம்மாவுக்கும் கொடுத்தது: தகுதியுள்ள தாய் உயிரோடு இருக்கும்போது அவரைத் தாண்டி வேறு ஒருவரை நீதிமன்றம் காப்பாளராக நியமிக்க முடியாது.

பிள்ளைய பாக்க விடல. பணத்த நிறுத்திட்டா வழிக்கு வருவாங்கல்ல?

வர மாட்டார்கள், நீங்கள்தான் சிக்குவீர்கள். பராமரிப்புப் பணம் குழந்தையின் உரிமை, பார்க்க விடாததற்குத் தண்டனையாக அதை நிறுத்த முடியாது. உத்தரவு இருந்து நிறுத்தினால் பாக்கித் தொகைக்கு வாரண்ட் வரை போகும். அதோடு, மேலே சொன்ன ‘கண்டுகொள்ளாத அப்பா’ என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எதிர்த்தரப்புக்குக் கிடைக்காது. அதே போல, பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருக்கும் அம்மாவுக்கும் சட்டத்தில் ஆதரவு இல்லை. பார்க்கும் உரிமைக்குத் தனி மனு, பணத்துக்குத் தனி மனு.

நாங்க ரெண்டு பேரும் சண்டையில்லாம பேசி ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கிட்டா போதாதா?

எழுதிக்கொள்வது நல்லதுதான், 1999 தீர்ப்பின்படி அம்மா பொறுப்பு என்று இருவரும் ஒத்துக்கொண்டதற்கு அது ஆதாரமாகும். ஆனால் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஒருவர் மனம் மாறினால் அதை வைத்து அமல்படுத்தவும் முடியாது. பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவிலேயே இந்த ஏற்பாட்டைச் சேர்த்து உத்தரவாக வாங்குங்கள்.

எழுதும்போது ‘கஸ்டடி தாயாரிடம், தந்தை பார்க்கலாம்’ என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள், பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் சண்டை. கோடை விடுமுறையில் எத்தனை நாள் யாரிடம், எங்கே வந்து கூட்டிப்போவது, எத்தனை மணிக்குத் திரும்ப விடுவது, ஃபீஸில் யார் பங்கு எவ்வளவு, பள்ளி மாற்றுவதற்கு இன்னொருவர் சம்மதம் தேவையா, பாஸ்போர்ட்டுக்கு யார் தனியாகக் கையெழுத்திடலாம், பிள்ளை பெயரில் உள்ள கணக்கை யார் இயக்குவது, வேறு ஊருக்குக் குடிபோனால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். இவ்வளவும் இருந்தால் நாலு பக்கம் வரும். வக்கீல் ‘இதெல்லாம் எதுக்குங்க, பிறகு பார்த்துக்கலாம்’ என்பார். எழுதச் சொல்லுங்கள்.